அழகர் இறங்கும் நாளில் வரச் சொன்னார்கள்

வைகைக்கு வடகரையில் வெள்ளைக்காரப் பெண்கள் நடத்திய ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு ஆள் எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் வேலையில்லாமல் இருந்த வருஷம். எனக்கு அந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். அஞ்சாப்பு படித்திருந்ததால் மருந்துப் புட்டியில் எழுதியிருந்ததைத் தப்பில்லாமல் வாசித்துவிட்டேன். ஆள் எடுத்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவுக்குப் பிடித்திருந்தது. அடுத்தது பெரிய டாக்டரம்மா பார்க்கவேண்டும். அதற்கு நாள் சொன்னார்கள். சித்திரைப் பௌர்ணமி, காலையில்.

என் வீடு தென்கரையில், சிம்மக்கல்; ஆற்றைக் கடந்துதான் வரவேண்டும். அன்றைக்கு ஆற்றுக்குள் கால் வைக்க இடமிருக்காது. என் பிள்ளைக்கு அன்றுதான் அங்கே முதல் முடி இறக்க நேர்ந்திருந்தோம். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. எப்படியோ மெதுவாகச் சொன்னேன்.

"அன்னைக்கு அழகர் ஆத்துல இறங்குறாரு, தாயி. வேற நாள் வாரேன்."

மிஸ்ஸியம்மா பள்ளிப் புத்தகத் தமிழில் கேட்டாள்: "அழகர் யார்? உன் புருஷனா? அவருக்கு நீந்தத் தெரியாதா?"

வரிசையில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற கிளார்க்குக்கு விஷயம் தெரியும். அவர் விளக்கவில்லை. "வேலை கேட்டு வந்துட்டு நாள் பாக்குறியா? போ, போயி அழகரையே வேலை கேளு" என்றார்.

மிஸ்ஸியம்மாவின் முகம் சிவந்துவிட்டது. தன்னைக் கேலி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

எனக்குப் பின்னால் நின்றவளுக்கும் அதே வேலைதான் வேண்டும். வந்ததிலிருந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். அவள்தான் பேசினாள்.

"ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? சாமின்னு சொல்லேன். அம்மா, அழகருன்னா சாமி. ஊரே ஆத்துலதான் கெடக்கும். உங்க குதிரைவண்டிக்காரன் வரமாட்டான். இந்தா நிக்கிறாரே உங்க கிளார்க்கு அண்ணே, இவரும் லீவு கேட்டிருப்பாரு, வேணும்னா கேளுங்க."

மிஸ்ஸியம்மா கிளார்க்கைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்தார். அன்றைக்கு அவர் லீவு கேட்டிருந்தாராம், அவளே கொடுத்தும் இருந்தாளாம். குடும்பக் காரியம் என்று சொல்லியிருந்தாராம்.

"எல்லாரும் மறுவாரம் வாருங்கள்" என்றாள். பிறகு என்னைக் காட்டினாள். "இவள் வரவேண்டாம். இவளால்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்."

கிளார்க்கு கதவைக் காட்டினார். நான் போகவில்லை. "நான் சிரிக்கலையே, தாயி" என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது.

அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். சிரித்த முகம் இப்படி இருக்காது என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். "சரி, வா" என்றாள். சொன்ன குரலில் இரக்கம் இல்லை.

மறுவாரம் போனேன். பிரசவ வார்டில் துணி அலசும் வேலை கிடைத்தது. பின்னால் நின்றவளுக்கும் கிடைத்தது. கிளார்க்கு மட்டும், அவர் அங்கே இருந்த வரைக்கும், என்னை "அழகர் பொண்டாட்டி" என்றுதான் கூப்பிட்டார்.