பத்துச் சாணும் ஒன்பது சாணும்

கணக்கு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. மற்றவர்கள் கைபேசியை எடுப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவேன். யாராவது தசப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை விட்டுவிட்டால் திருத்தாமல் இருக்கமாட்டேன். மலைநாட்டுப் பசறையில், எங்கள் பிரதேச செயலகத்தில் என்னைக் கேலி செய்ய அவர்களுக்கு இருந்த ஒரே விஷயம் அதுதான். ஒரு வருஷம் தீபாவளிக்கு முந்திய வாரத்தில் அந்தத் திமிர் ஏழு குடும்பத்தின் உயிரோடு விளையாடியது. அதைப் பிறகு நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், அறைக்கு ஒரு குடும்பமாக ஏழு காம்பரா கொண்ட பழைய தொழிலாளர் லயம் ஒன்றின் பின்புறச் சரிவில் நிலம் வெடித்திருப்பதாகச் செய்தி வந்தது. பதுளையிலிருந்து மண்சரிவு பார்க்கும் உத்தியோகத்தர் ஒருவர் வந்து போனார். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். வெடிப்பின் மேல்பக்கம் ஒரு கம்பி, கீழ்ப்பக்கம் ஒரு கம்பி அடிக்க வேண்டும், இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தினமும் அளக்க வேண்டும், வெடிப்புக்குள் தண்ணீர் இறங்காமல் களிமண் போட்டு அடைத்துப் பொலித்தீனால் மூட வேண்டும் என்று சொன்னார். ஒரு நாளில் ஒரு விரலளவு கூடினாலும் உடனே தனக்குத் தெரிய வேண்டும் என்றார். அளவுகளை வாங்கிப் படிவத்தில் எழுதி அனுப்புவது என் வேலை.

அளவு நாடா ஒன்றை நான் கொடுத்தனுப்புவதாக ஏற்பாடு. மறுநாளே பாதையில் மண் விழுந்து பஸ் நின்றுவிட்டது. கடைசிக் காம்பராவில் இருந்த கொழுந்தெடுக்கும் அக்காதான் அளக்கப் பொறுப்பெடுத்தவர். டேப்பு இல்லாமல் எப்படி அளப்பது என்று ஃபோனில் கேட்டார்.

“சாண்ல அளந்து சொல்லுங்கக்கா, நான் மாத்திக்கிறேன்” என்றேன்.

அவ்வளவு சுலபமாகச் சொன்னேன். நானும் லயத்தில் பிறந்தவள்தான். இரண்டு சாண் ஒரு முழம், நான்கு முழம் ஒரு பாகம் என்பதெல்லாம் பள்ளிக்குப் போகுமுன்பே தெரியும். சாணுக்கு ஒன்பது அங்குலம், அதாவது இருபத்திரண்டு தசம் எட்டு ஆறு சென்ரிமீற்றர். முழம் அதில் இரட்டிப்பு. இரு கையையும் விரித்து அளக்கிற பாகம் ஆறு அடி, ஒரு மீற்றர் எண்பத்து மூன்று சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு என்ன கஷ்டம்?

முதல் நாள் அக்கா கம்பிக்குக் கம்பி கயிறு பிடித்து, அதைக் கழற்றித் தரையில் போட்டுச் சாண் வைத்துப் பார்த்தார். பத்துச் சாண். நான் 228.6 என்று எழுதினேன். வெடிப்பிலிருந்து லயத்துச் சுவருக்குப் பன்னிரண்டு முழம் என்றார். ஐந்து மீற்றர் நாற்பத்தொன்பது. வெடிப்பின் நீளம் இருபது பாகம். முப்பத்தாறு மீற்றர் ஐம்பத்தெட்டு. படிவத்தைப் பார்க்க எனக்கே அழகாக இருந்தது.

இரண்டாம் நாளும் பத்துச் சாண். மூன்றாம் நாள் பத்துச் சாணும் இரண்டு விரலும். இரண்டு விரல் என்றால் ஏறக்குறைய நான்கு சென்ரிமீற்றர். பதுளைக்குச் சொன்னேன். நாளைய அளவையும் பார்த்துவிட்டு முடிவெடுப்போம், கவனமாக அளக்கச் சொல்லுங்கள் என்றார் அவர். நான்காம் நாள் மேலே சிக்னலே இல்லை. நூறு தடவையாவது அழைத்திருப்பேன். மழைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த ஏழு கூரையும் கண்முன்னால் வந்தது. சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் இணைப்புக் கிடைத்தது. எடுத்தது அக்காவின் புருஷன். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்பவர், தீபாவளிக்காக முந்தின நாள்தான், பஸ் நின்ற இடத்திலிருந்து நடந்தே வந்து சேர்ந்திருந்தார். அக்கா கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விட்டதாகவும், தானே அளந்ததாகவும் சொன்னார். ஒன்பது சாண்.

நான் மறுபடி அளக்கச் சொன்னேன். அளந்தார். ஒன்பதுதான், ஒரு விரல்கூட அதிகமில்லை. கதவு மட்டும் சாத்த மாட்டேன் என்கிறது, நேற்று வரை சரியாக இருந்ததாம் என்று இழுத்தார். மழைக்குப் பலகை ஊதியிருக்கும் என்று நானே பதில் கண்டுபிடித்துச் சொன்னேன். 205.7 என்று எழுதினேன். நிலம் நெருங்கிவருமா என்ற கேள்வி வரத்தான் செய்தது. அக்கா அவசரத்தில் கோணலாக அளந்திருப்பார், ஆண்பிள்ளை நிதானமாக அளந்திருக்கிறார் என்று அந்தக் கேள்வியை மூடினேன். பயப்பட ஒன்றுமில்லை, வெடிப்பு விரியவில்லை என்று அவருக்குச் சொன்னேன். ஐந்து நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒரு தேத்தண்ணியை ருசித்துக் குடித்தேன். அந்த ருசியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பின்னேரம் மூன்று மணிக்குப் பதுளை உத்தியோகத்தர் அழைத்தார். மழைக்குள் இவ்வளவு நுணுக்கமாக எப்படி அளக்கிறார்கள் என்று கேட்டார். பாராட்டுகிறார் என்று நினைத்துச் சாண் கணக்கைப் பெருமையாக விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஆற்ற சாண், தங்கச்சி?”

யாருடைய சாண் என்று கேட்கிறார். எதற்கென்று எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது மேசையில் கிடந்த அடிமட்டத்தின் மேல் என் கை தானாகப் போய் விரிந்தது. பெருவிரலைப் பூச்சியத்தில் வைத்தேன். எவ்வளவு இழுத்தும் சுண்டுவிரல் பதினெட்டரையைத் தாண்டவில்லை. இருபத்திரண்டு தசம் எட்டு ஆறு என் கையிலேயே இல்லை.

மேலே அழைத்தேன், அக்காவின் புருஷன்தான் எடுத்தார். வீட்டில் அடிமட்டம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அவருடைய சாண் இருபத்திரண்டு. அக்காவை எப்படியாவது கூட்டி வரச் சொன்னேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்பார், வர இருபது நிமிஷமாகும் என்றார். அந்த இருபது நிமிஷமும் நான் சுவர் மணிக்கூட்டையும் கைபேசியின் சிக்னல் கோடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் கை பெரிதாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டேன்.

மூச்சு வாங்கிக்கொண்டு அக்கா பேசினார்.

“பதினெட்டுங்க மிஸ். விரிச்சுத்தான் வச்சேன், அவ்வளவுதான் வருது.”

பத்துப் பதினெட்டு நூற்றெண்பது. மூன்றாம் நாள் அவருடைய இரண்டு விரலையும் சேர்த்தால் நூற்றெண்பத்து மூன்று. இன்று ஒன்பது இருபத்திரண்டு, நூற்றுத் தொண்ணூற்றெட்டு. இரண்டு நாளில் பதினைந்து சென்ரிமீற்றர் விரிந்திருக்கிறது. அதைத்தான் நான் குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தேன். சுவருக்கு இருந்த பன்னிரண்டு முழமும் அந்தச் சின்னக் கையின் முழம்தான். ஐந்தரை மீற்றர் அங்கே எங்கே இருக்கப்போகிறது?

பதுளையிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. இண்டைக்கே எல்லாரையும் இறக்குங்கோ, இருட்டப்படாது.

ஆனால் புருஷன் அசையவில்லை. அவர்மேல் குற்றமில்லை. காலையில் பயமில்லை என்று சொன்னது இதே குரல்தானே. மழைக்குள் சாமான்களை எங்கே கொண்டு போவது, அடுத்த காம்பராவில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருக்கிறார், அவரை யார் தூக்குவது, விடிந்து பார்க்கலாமே என்றார். பதவியைச் சொல்லி அதட்டிப் பார்த்தேன். சட்டம் என்றேன். மேலிடத்து உத்தரவு என்றேன். அவர் அமைதியாகக் கேட்டார்.

“காலைல நீங்கதானே மிஸ் ஒண்ணுமில்லன்னீங்க?”

அலுவலகத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்திலும் அது எனக்கு உறைத்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“நான்தாங்க தப்பாக் கணக்குப் போட்டேன். அக்கா சரியாத்தான் அளந்தாங்க, நீங்களும் சரியாத்தான் அளந்தீங்க. உங்க ரெண்டு பேரு கையும் ஒண்ணுன்னு நெனச்சது நானு. கெஞ்சிக் கேக்கிறேன், எறங்கிருங்க அண்ணன்.”

இணைப்பைத் துண்டிக்காமலே அவர் நடந்தார். பிறகு பக்கத்துக் கதவுகளைத் தட்டும் சத்தம் கேட்டது. ஆறு மணிக்கு முன்னால் ஏழு காம்பராவும் காலியாகிவிட்டது. பெரியவரைக் கம்பளியில் வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கினார்கள்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்குச் சரிவு வந்தது. கடைசி மூன்று காம்பராவின் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு, கூரையை முன்வாசலில் கொண்டுபோய்ப் போட்டது. உள்ளே யாரும் இல்லை.

மண் விழுந்த இடம் வரை பஸ்ஸில் போய், மிச்சத்தை நடந்து, மதியம் நான் அந்தப் பள்ளிக்கூடத்தை அடைந்தேன். கையில் அந்த அளவு நாடா இருந்தது. அதை எதற்குக் கொண்டுபோனேன் என்று எனக்கே தெரியாது. பதுளை உத்தியோகத்தர் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். முதல் நாளே கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு வைக்கச் சொல்லியிருந்தால் போதும், எந்த அளவும் வேண்டியிருக்காது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அக்காவை அன்றுதான் நேரில் பார்த்தேன். என் தோளுக்கும் வரமாட்டார். கொழுந்துக் கறை ஏறிய சின்னக் கைகள். எனக்கு உட்கார ஒரு வாங்கை இழுத்துப் போட்டு, எங்கிருந்தோ தேத்தண்ணி வாங்கி வந்து தந்தார். தீபாவளிக்கு வாங்கிய உடுப்பெல்லாம் உள்ளேயே போய்விட்டதாகச் சொன்னார். பிறகு, என்னைக் குறை சொல்கிற எண்ணமே இல்லாமல், தன் கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எனக்குச் சின்னக் கைன்னு இந்த லயத்துக்கே தெரியும் மிஸ். கேட்டிருந்தா மொத நாளே சொல்லியிருப்பேன்.”

ஆமாங்கக்கா என்றேன். ஐந்து நாளாக அவரோடு பேசியிருக்கிறேன். எத்தனை சாண் என்று மட்டுமே கேட்டிருக்கிறேன்.

பிறகு மேலிடத்துக்குப் போன அறிக்கையில், ஏழு குடும்பங்களும் உரிய நேரத்தில் அகற்றப்பட்டதாக இருந்தது. கூட்டத்தில் கைதட்டினார்கள். நானும் எழுந்து நின்று கும்பிட்டேன். படிவம் அலுவலகக் கோப்பில்தான் இருக்கிறது. 228.6 என்றும் அதற்குக் கீழே 205.7 என்றும், அடித்தல் திருத்தல் இல்லாமல், என் அழகான கையெழுத்தில்.