காவல் காக்கப்பட்ட கோப்பு

அந்தப் பேருந்துப் பணிமனையில் அவரை எல்லோரும் பட்டியலம்மா என்றே அழைத்தார்கள். எந்த ஓட்டுநருக்கு எந்த வண்டி என்று பதினோரு வருடம் விடியற்காலை நான்கு மணிக்கு வந்து கையால் எழுதியவர். அத்தனை வருடமும் வீட்டில் உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. கணவர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். சமைத்து வைத்துவிட்டுப் போனது மனைவி என்பதால் பெருமைக்குக் குறைவில்லை.

போன வருடம் அந்த வேலையை ஓர் எக்செல் கோப்புக்குக் கற்றுக்கொடுத்தார். எல்லோரும் திறக்கக்கூடிய பொது ஃபோல்டரில் அது இருந்தது. தினமும் காலை ஐந்து மணிக்கு அலுவலகச் சர்வர் கணினி தானாகவே அதைத் திறந்து, விடுப்புப் பட்டியலையும் பழுதான வண்டிகளின் பட்டியலையும் இழுத்துப் புதுப்பித்து, சேமித்து மூடிவிடும். ஐந்தே காலுக்கு நேரக்காப்பாளர் அச்சடிப்பார். பட்டியலம்மா எட்டரைக்கு வந்தால் போதும்.

ஒருநாள் பழுதுப் பிரிவு ஃபோர்மேன் மாலையில் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, திறந்தபடியே வீட்டுக்குப் போய்விட்டார். ஒருவர் திறந்து வைத்திருந்தால் சர்வருக்குப் படிக்க மட்டுமே அனுமதி. அது புதுப்பித்தது, சேமிக்க முடியாமல் சத்தமில்லாமல் மூடியது, 'பணி வெற்றிகரமாக முடிந்தது' என்று குறித்தும் வைத்தது. வெளியே வந்தது முந்தைய நாள் பட்டியல். பழுதாகி நின்ற வண்டிக்கு ஓர் ஓட்டுநர். இன்னொரு வண்டிக்கு விடுப்பில் போனவர்.

ஃபோர்மேன் மன்னிப்புக் கேட்டார். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் மேலாளர் சுற்றறிக்கை விட்டார்: கோப்பு ஒழுங்காக மாறுகிறதா என்று தினமும் யாராவது நேரில் கண்காணிக்க வேண்டும். அந்த நேரத்தில் விழித்திருக்கும் ஒரே ஆள் வாசல் காவலர். வருகைப் பதிவுக்காக அவர் அறையிலும் ஒரு கணினி இருந்தது.

அடுத்த மூன்று நாளும் பழைய பட்டியல்தான் வந்தது.

"இதுக்குத்தான் நோட்டுல எழுதணும்கிறது," என்றார் மேலாளர். "நாளைக்கும் இப்படின்னா, திங்கட்கிழமையிலேர்ந்து நீங்களே நாலு மணிக்கு வந்து எழுதிடுங்கம்மா."

ஃபோர்மேன் பட்டியலம்மாவிடம் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். "நான் சாயங்காலமே மூடிட்டேன்க்கா. ரெண்டு தடவை மூடினேன்."

சனிக்கிழமை நாலேமுக்காலுக்குப் பட்டியலம்மா பணிமனைக்கு வந்தார். தன் மேசையில் கோப்பைத் திறந்தார். 'இந்தக் கோப்பை வாசல் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது' என்றது கணினி.

வாசலுக்கு ஓடினார். காவலர் நாற்காலியை இழுத்துப் போட்டு, இமை கொட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"காவல் இருக்கேன்மா. நாலரைக்கே திறந்துடுவேன். அஞ்சு மணி தவறிடக் கூடாதில்ல."

"நீங்க திறந்து வெச்சிருக்கறதாலதான் அது மாறவே மாட்டேங்குது. மூடுங்க."

"மூடிட்டா எதைப் பாக்கிறது?"

"பாக்கவே வேண்டாம்னேன்!"

"அது எப்படிம்மா? ஐயா கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கு." சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைக் காட்டினார். "நானும் தினமும் எழுதி வைக்கிறேன். பாருங்க." பதிவேட்டில் மூன்று நாளாக ஒரே வரி: 'ஐந்து மணி. பார்த்தேன். மாறவில்லை.'

"மாறலைன்னு தெரிஞ்சதும் யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"பாக்கச் சொன்னாங்க, எழுதச் சொன்னாங்க. சொல்லச் சொல்லலையேம்மா."

நாலு ஐம்பத்தாறு. சுற்றறிக்கையை ரத்து செய்ய மேலாளர் வர வேண்டும். அவர் வர ஒன்பதாகும். வந்தாலும் தன் உத்தரவைத் தானே ரத்து செய்யும் ஆள் இல்லை. பட்டியலம்மா பல்லைக் கடித்தார். பிறகு மவுஸைப் பிடுங்கி, அதே ஃபோல்டரில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்தார். 'கண்காணிப்பு' என்று பெயர் வைத்தார். அசலை மூடி, நகலைத் திறந்து விட்டார்.

"இனிமே தினமும் இதைத் திறங்கண்ணே. இதை மட்டும்தான்."

"இதுலயும் அதேதானே இருக்கு?"

"அப்படியே இருக்கு. ஒரு எழுத்து மாறாது."

"அப்ப சரி," என்று காவலர் நாற்காலியைச் சரிசெய்துகொண்டார்.

ஐந்தே காலுக்கு நேரக்காப்பாளர் அச்சடித்தார். அன்றைய தேதி, அன்றைய விடுப்பு, ஒரு வண்டிக்கு ஓர் ஆள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேலாளர், நேரடிக் கண்காணிப்பு வந்த பிறகே கோப்பு ஒழுங்குக்கு வந்தது என்று காவலரைப் பாராட்டினார். பட்டியலம்மா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சுற்றறிக்கை எண் இரண்டு வரும்.

காவலர் இன்றும் எழுதுகிறார்: 'ஐந்து மணி. பார்த்தேன். மாறவில்லை.' மேலாளர் ஒன்பது மணிக்கு வந்து அதன் கீழே கையெழுத்துப் போடுகிறார். அந்த வரி எழுதப்படும்போது பட்டியலம்மா தூங்கிக்கொண்டிருக்கிறார். ஏழரைக்கு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். எதிரே அவர் கணவர், உப்பு கொஞ்சம் கம்மி என்கிறார்.