தலைமையாசிரியரின் காய்ச்சல்

அருமனையில் நான் அறிவியல் டீச்சராக இருக்கும் பள்ளியில், வெப்பம் பாடத்துக்கான பயிற்சித்தாளும் விடைக்குறிப்பும் நிர்வாகத்திடமிருந்தே வரும். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஃபாரன்ஹீட்டில் எவ்வளவு உயரும் என்பது ஒரு கேள்வி. விடைக்குறிப்பு 33.8 என்றது. 1.8 என்று எழுதிய பிள்ளைகளுக்கு நான் மதிப்பெண் போட்டேன். தலைமையாசிரியர் கூப்பிட்டுவிட்டார்.

"சூத்திரத்துல 32 கூட்டணும்னு இருக்குல்லா, டீச்சர்?"

"அளவை மாத்தும்போதுதான் கூட்டணும் சார். உயர்வுக்குக் கூட்டக் கூடாது."

"நிர்வாகத்துக்குத் தெரியாதா?"

அன்று அவருக்கே காய்ச்சல். முதலுதவிப் பெட்டியிலிருந்த தெர்மாமீட்டரை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டார். சூட்டில் பாதரசம் கண்ணாடியைவிட அதிகமாக விரிந்து, நுண்குழாயில் ஏறி 100.4 ஃபாரன்ஹீட்டில் நின்றது.

"38 செல்சியஸ் சார். வழக்கமான 37-ஐவிட ஒரு டிகிரிதான் கூடுதல். விடைக்குறிப்புப்படி 98.6-உடன் 33.8 சேர்த்தா 132.4. அவ்வளவு சூட்டுல ஆள் வெந்துபோவும்."

அவர் தம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ ரெண்டு விடைக்கும் மார்க் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு, விடுப்பில் வீட்டுக்குப் போனார்.