அட்டைச் சுரங்கத்தில் மூன்று இறக்கைகள்

பாலிடெக்னிக்கில் சேர்ந்த முதல் நாள், வாசல் காவலாளி அவளை உள்ளே விடவில்லை. "பெற்றோர் கூட்டம் அடுத்த வாரம்தாம்மா" என்றார். அவள் கட்டண ரசீதை எடுத்துக் காட்டினாள். அவர் ரசீதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் ரசீதைப் பார்த்தார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. பதினோரு வருடம் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். தட்டையாக வரும் அட்டையில் மடிப்புக்கோடு போட்டு, வெட்டி, மடித்து, ஒட்டி அனுப்புவது அவள் பிரிவின் வேலை. தொழிற்சாலையை வேறு ஊருக்கு மாற்றியபோது அவள் கூடப் போகவில்லை. வேன் ஓட்டும் கணவன், "பாதியில விட்ட படிப்ப முடிச்சாத்தான் என்ன?" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னான். அவள் அதையே பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளும், இயந்திரவியல் டிப்ளமா படிக்கும் அம்மாவும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள்.

வகுப்பில் எல்லோரும் அவளை அக்கா என்றார்கள். முதுகுக்குப் பின்னால் 'பொட்டியக்கா' என்றார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. பெட்டி செய்தவள்தானே.

இரண்டாம் ஆண்டில் செயல்திட்டம் வந்தது. மூன்று பேர் கொண்ட குழு. அவளோடு சேர்ந்தவர்கள் இரண்டு பேர்: வாசல் நிலையில் தலை இடித்துக்கொள்ளும் உயரத்தில் இருந்த ஒரு பையன், வகுப்பில் அவன் பெயர் 'நெட்டை'; பாடப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்த, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண், அவள் பெயர் 'கண்ணாடி'. எந்த வடிவ விமான இறக்கை அதிகமாக மேலே தூக்கும் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்கள் எடுத்த தலைப்பு. அதற்கு ஒரு காற்றுச் சுரங்கம் வேண்டும்; சீராகக் காற்று ஓடும் குழாய்க்குள் இறக்கையை நிறுத்திச் சோதிக்கும் கருவி. விரிவுரையாளர், "அட்டையில செஞ்சாலே போதும்" என்று சொன்னதும் மற்ற இருவரும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள்.

ஆய்வுக்கூடத்தின் ஒரு மூலையில் மூன்று வாரத்தில் சுரங்கம் எழுந்தது. முன்னால் அகன்று உள்ளே போகப் போகக் குறுகும் வாய். அதில், சுழன்று வரும் காற்று நேராக ஓடட்டும் என்று நூற்றுக்கணக்கான உறிஞ்சுகுழல்களை நெருக்கி அடுக்கினார்கள். நடுவில் ஒரு அடிச் சதுரக் கூடு. இறக்கை அதற்குள் நிற்கும், பக்கத்தில் பார்க்க ஒரு பிளாஸ்டிக் ஜன்னல். பின்னால் மறுபடியும் விரிந்துபோகும் குழாய். அதன் முடிவில், காற்றை உள்ளிருந்து வெளியே இழுக்கும் பழைய எக்சாஸ்ட் ஃபேன். அட்டையின் இரண்டு தாள்களுக்கு நடுவே நெளியும் உள்வரி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதை ஒட்டித்தான் வளைவு ஒழுங்காக வரும் என்று அவளுக்கு விரல் நுனியிலேயே தெரியும். நெட்டை எதிர்ப்பக்கமாக மடித்து நொறுக்கிய ஓர் அட்டையைச் சத்தமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டு வேறொன்று வெட்டினாள்.

விசையை அளக்க ஒரு சமையலறைத் தராசு. கனமான மரக்கட்டையில் இரண்டு சைக்கிள் கம்பிகளை நட்டார்கள். கட்டை கூட்டுக்கு வெளியே, அடியில், தராசின் மேல் உட்கார்ந்திருக்கும். கம்பிகள் அட்டைத் தரையின் துளை வழியே மேலே போய் இறக்கையைத் தாங்கும். தராசைப் பூஜ்யத்தில் வைத்து ஃபேனைப் போட்டால், காற்று இறக்கையை எவ்வளவு தூக்குகிறதோ அவ்வளவு எடை குறைந்து காட்டும்.

முதல் இறக்கை சும்மா ஒரு தட்டை அட்டை. இரண்டாவது, தெர்மாகோலில் அறுத்துத் தேய்த்த தடித்த இறக்கை. புத்தகப் படத்தில் இருப்பது போலவே முன்பக்கம் உருண்டு, முதுகு வளைந்து, வால் கூர்ந்திருக்கும். மூன்றாவது அவளாகச் செய்தது. ஒரு மெல்லிய அட்டையை லேசாக நனைத்து, குழாயின் மேல் வளைத்துக் காயவைத்தாள்.

"இது எதுக்குக்கா?" என்றாள் கண்ணாடி.

"சும்மாதான். தடிச்சதோட முதுகு வளைவு இதுலயும் இருக்கு, தடிமன் மட்டும் இல்ல. தடிமன் என்ன பண்ணுதுன்னு பாக்கலாமே."

அளக்க ஆரம்பித்த அன்றே தலை சுற்றியது. ஒரே இறக்கை ஒரு தடவை பன்னிரண்டு கிராம் காட்டியது, அடுத்த தடவை முப்பத்தொன்று, அதற்கடுத்து பத்தொன்பது. நெட்டை தராசைக் குறை சொன்னான். கண்ணாடி ஃபேனைக் குறை சொன்னாள். எரிச்சலில் நெட்டை கூட்டின் மேல் ஒரு தட்டுத் தட்டினான். எண் சட்டென்று மாறியது.

"இன்னொரு தடவ தட்டு தம்பி" என்றாள் அவள்.

தட்டினான். மறுபடியும் மாறியது. ஃபேனை நிறுத்திவிட்டு அவள் குனிந்து துளையைப் பார்த்தாள். அட்டையின் விளிம்பில் பின்பக்கம் மட்டும் நசுங்கியிருந்தது. காற்று இறக்கையைப் பின்னால் தள்ள, கம்பி சாய்ந்து அட்டையில் உரசி நின்றிருக்கிறது. மேலே தூக்கும் விசையில் ஒரு பங்கை அந்த உரசலே பிடித்து வைத்துக்கொண்டது.

துளையைப் பெரிதாக்கினார்கள். உரசல் போனது, வேறு வம்பு வந்தது. துளையின் அருகே அவள் ஒரு நூலைக் காட்டியதும் நூல் விருட்டென்று உள்ளே இழுபட்டது. ஃபேன் காற்றை இழுப்பதால் கூட்டுக்குள் அழுத்தம் குறைவு. வெளிக்காற்று பெரிய துளை வழியே பீறிட்டு ஏறி இறக்கையின் அடிவயிற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"துளை சின்னதா இருந்தா உரசுது, பெருசா இருந்தா ஒழுகுது. என்னதான் பண்றது?" என்று நெட்டை தலையில் கை வைத்தான்.

அவள் கூட்டின் அடியில், தராசைச் சுற்றி விரலால் ஒரு சதுரம் வரைந்தாள். பிறகு, "தராசையும் பொட்டிக்குள்ள வெச்சிட்டா?" என்றாள்.

தராசும் கட்டையும் முழுதாக அடங்கும்படி கூட்டின் அடியில் இன்னொரு பெட்டி ஒட்டினாள். எண்ணைப் படிக்க ஒரு சின்ன ஜன்னல். ஓரங்கள் எல்லாவற்றிலும் டேப். இப்போது மேலும் கீழும் ஒரே அழுத்தம். துளை வழியே காற்று ஓட வேலையே இல்லை. இறக்கையைக் கழற்றிவிட்டு வெறும் கம்பிகளோடு ஃபேனைப் போட்டார்கள். பூஜ்யம். தட்டினார்கள். பூஜ்யம். கண்ணாடி முதல்முறையாகச் சிரித்தாள்.

குளிர்சாதனப் பிரிவில் இரவல் வாங்கிய கருவியால் காற்றின் வேகத்தைப் பார்த்துக்கொண்டு, மூன்று இறக்கைகளையும் ஒரே நீள அகலத்தில், ஒரே ஆறு பாகைச் சாய்வில், தலா பத்து முறை அளந்தார்கள். எண்கள் இப்போது அடங்கி ஒடுங்கி வந்தன. தட்டை அட்டை இருபத்தாறு கிராம். தடித்த இறக்கை இருபத்தெட்டு. அவளுடைய வளைந்த அட்டை நாற்பத்தாறு.

கண்ணாடி சராசரியை மறுபடியும் போட்டுப் பார்த்தாள்.

"தப்பு" என்றாள் கண்ணாடி. "தடிச்சதுதான் ஜெயிக்கணும். விமானத்துல அதத்தான வெக்கிறாங்க?"

மறுநாளும் அளந்தார்கள். அதே எண்கள். விரிவுரையாளர் தாளைப் பார்த்துவிட்டு, "எங்கயோ பிழை இருக்கு. அடுத்த வாரம் வெளித்தேர்வாளர் வர்றாங்க, சரிபண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். அவர் அவளைவிட எட்டு வயது இளையவர்; அவளிடம் பேசும்போது எப்போதும் கொஞ்சம் அவசரப்படுவார்.

நெட்டை தயங்கித் தயங்கிச் சொன்னான். "அக்கா, ரெண்டு எண்ணையும் இடம் மாத்திப் போட்டுட்டா முடிஞ்சிது. யாருக்குத் தெரியப் போகுது?"

அவளுக்கும் பயம் இருந்தது. முதலாண்டில் கணக்கில் ஒரு தாள் தவறி, மறுபடி எழுதித் தேறியவள் அவள். இதிலும் போனால், வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டம்.

"இருபது தடவ தராசு ஒரே பேச்சப் பேசுது" என்றாள் கடைசியில். "நாம எதுக்கு மாத்திப் பேசணும்? ஏன்னு தெரியலன்னா தெரியலன்னு எழுதுவோம்."

"மார்க் போயிடும்கா."

"போனா என் பேர்ல போகட்டும். நான்தான் பிடிவாதம் பிடிச்சேன்னு சொல்லிடுங்க."

அடுத்த நாள் காலையில் கண்ணாடி ஒரு நூல்கண்டோடு வந்தாள். துளையில் அக்கா நூல் காட்டியது ஞாபகம் வந்ததாம். விரல்நீள நூல்துண்டுகளை இறக்கைகளின் முதுகில் வரிசையாக ஒட்டி ஃபேனைப் போட்டார்கள். வளைந்த அட்டையில் பெரும்பாலான நூல்கள் வாரிய தலைமுடி போலப் படிந்து கிடந்தன. தடித்த இறக்கையில் முன்பக்க நூல்கள் மட்டும் படிந்தன. பாதி முதுகுக்கு மேல் இருந்தவை நாலாபக்கமும் உதறிக்கொண்டு, சில முன்னோக்கியே திரும்பி ஆடின. காற்று அந்த முதுகைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போகிறது என்று யாரும் சொல்லாமலே புரிந்தது. ஏன் விடுகிறது என்பது மட்டும் புரியவில்லை. எண்களையும் நூல் நின்ற விதத்தையும் உள்ளது உள்ளபடி எழுதி, "காரணம் தெரியவில்லை" என்று அறிக்கையை முடித்தார்கள்.

வெளித்தேர்வாளர் நரைத்த கூந்தலும் கறாரான முகமும் கொண்ட பெண்மணி. அறிக்கையை நின்றபடியே படித்தார். விரிவுரையாளர் முந்திக்கொண்டு, "பிழை இருக்கு மேடம், நான் சொல்லிட்டேன்" என்றார்.

"பிழை எங்க?" என்று தேர்வாளர் அவளைக் கேட்டார்.

"எங்களுக்குத் தெரிஞ்ச பிழைய எல்லாம் எடுத்துட்டோம் மேடம்" என்று, உரசலையும் ஒழுகலையும் அடிப்பெட்டியையும் வெறும் கம்பி காட்டிய பூஜ்யத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "அதுக்கப்புறமும் இதான் வருது."

தேர்வாளர் குனிந்து அடிப்பெட்டியின் டேப்பைத் தடவிப் பார்த்தார். "ஒரு துண்டு நூல் குடுங்க" என்றார். தடித்த இறக்கையின் மேல்பக்கம், முன் விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி, நூலைக் குறுக்கே இறக்கையின் நீளம் முழுக்க ஒட்டச் சொன்னார். "இப்ப ஓட்டுங்க."

ஃபேன் வேகம் பிடித்தது. நெட்டை ஜன்னலில் குனிந்து படித்தான். "முப்பத்தேழு."

"தட்டிப் பாரு" என்றாள் அவள். தட்டினான். முப்பத்தேழுதான்.

"உங்க சுரங்கத்துல பிழை இல்ல" என்றார் தேர்வாளர். "பெரிய விமானத்துக்கு அந்தத் தடிச்ச வடிவம் சரி. இவ்வளவு சின்ன இறக்கைக்கு, இவ்வளவு மெதுவான காற்றுல, காற்று ரொம்பச் சாதுவா ஓடும். தடிச்ச முதுக ஒட்டிப் போகத் தெம்பு பத்தாது, பிரிஞ்சிடும். நூல் அதக் கொஞ்சம் கலக்கிவிட்டுச்சு, ஒட்டிக்கிச்சு. சின்ன பொம்மை விமானம் பறக்கவிடறவங்க செய்யற வேலைதான் இது." பிறகு விரிவுரையாளர் பக்கம் திரும்பி, "எண்ண மாத்தாம கொண்டுவந்திருக்காங்க" என்றார்.

விரிவுரையாளர் காது சிவந்தது. ஆனால் அவர் நல்ல மனிதர். மறுநாள் வகுப்பில் அவராகவே, "நான் அவசரப்பட்டுட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்தச் சுரங்கத்தை ஆய்வுக்கூடத்திலேயே வைத்துக்கொள்ளலாமா என்று அவளிடம் அனுமதி கேட்டார்.

அவள் தேறினாள். நல்ல மதிப்பெண்தான், முதல் மதிப்பெண் வேறொரு குழுவுக்குப் போனது. அடுத்த ஆண்டு ஜூனியர் மாணவர்கள் அதே சுரங்கத்தில், காற்று இறக்கையைப் பின்னால் தள்ளும் இழுவிசையையும் அளக்க வந்தார்கள். கட்டை முன்னும் பின்னும் நகர வேண்டும், ஆனால் உரசக் கூடாது. எப்படித் தொங்கவிடுவது என்று அவர்களோடு அவளும் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டாள். இரண்டு முறை தோற்றார்கள்.

இப்போது அவள் மின்விசிறி தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே இரும்பும் கண்ணாடியுமாகப் பெரிய காற்றுக்குழாய் இருக்கிறது. சேர்ந்த முதல் வாரம் மகள் கேட்டாள், "அங்க உனக்கு என்னம்மா வேலை?"

"அளக்கறது" என்றாள். "நாளைக்குப் புதுசா ஒரு இறக்கை வருதாம். எப்படி வரும்னு யாருக்கும் தெரியல." சொல்லிவிட்டு, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று வேலைக்குப் போடும் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள்.