கொழுந்து எடையும் கூட்டாளியும்

காக்களூரில் நாங்கள் வேலை பார்த்த பட்டறை மூடப்பட்டபோது, நானும் பெரியபாளையத்துக்காரனான என் கூட்டாளியும் ஒரே விளம்பரத்தைப் பார்த்து வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு ஒன்றாகவே பஸ் ஏறினோம். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பதால் ஆபீஸில் உட்கார வைத்தார்கள். அவனைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். ஆரம்பத்தில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மழையில் நனைகிற வேலை அவனுக்கு, நாற்காலி எனக்கு.

இரண்டே வருஷத்தில் அவன் டிவிஷன் என்கிற ஒரு தோட்டப் பகுதிக்கே பொறுப்பாளன் ஆனான். நான் அதே நாற்காலியில் இருந்தேன்.

சனிக்கிழமைதோறும் வார அறிக்கை தயாரிப்பது என் வேலை. ஒவ்வொரு டிவிஷனிலும் எத்தனை பேர் கொழுந்து எடுத்தார்கள், சாக்கு எடையும் ஈரமும் கழித்து எத்தனை கிலோ, ஆளுக்குச் சராசரி என்ன, கூலியையும் கூடுதல் கிலோவுக்கான ஊக்கத்தொகையையும் சேர்த்தால் ஒரு கிலோவுக்கு என்ன செலவு என்றெல்லாம் போட்டு மேனேஜருக்கு அனுப்ப வேண்டும். வாராவாரம் சராசரியில் அவன் டிவிஷன்தான் மேலே நிற்கும். அவனுக்குக் கிடைக்கிற பாராட்டை என் கையாலேயே தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். மேனேஜர் அவன் தோளில் கை போட்டுப் பேசுவார். என்னிடம் பிரிண்ட் மங்கலாக இருக்கிறது என்பார்.

அந்த வாரம் அவனுடைய வருகைத் தாளில் ஒன்றைக் கவனித்தேன். பதினான்கு பேர் மூன்று நாள் டிப்பிங்குக்குப் போயிருந்தார்கள். கவாத்து வெட்டிய செடி மறுபடி துளிர்க்கும்போது, மேல்மட்டம் சமமாக வர நுனிகளை ஒடிக்கிற வேலை அது. ஆள் நிறைய பிடிக்கும், கொழுந்து கொஞ்சம்தான் வரும். அதனால் எங்கள் எஸ்டேட்டில் அந்தக் கூலியையும் இலையையும் தனியாகக் காட்டுவோம். ஆனால் தாளில் என்ன வேலை என்று எழுதும் கட்டத்தில் அவசரத்தில் 'கொழுந்து' என்றே போட்டிருந்தான். ஓரத்தில் மட்டும் பென்சிலால் 'டிப்பிங்' என்று எழுதியிருந்தான்.

வேறு யாராவது என்றால் போன் செய்து கேட்டுத் திருத்தியிருப்பேன். அன்று செய்யவில்லை. கட்டத்தில் இருந்ததை அப்படியே ஏற்றினேன். முப்பத்திரண்டு கிலோவாக இருக்க வேண்டிய சராசரி இருபத்தொன்பதாக விழுந்தது, கிலோச் செலவு ஏறியது. அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். அன்றைய டீ ருசியாக இருந்தது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மேனேஜர் அவனை நிற்க வைத்துக் கேட்டார். இலை குறைந்திருக்கும்போது எதற்கு இத்தனை ஆள் என்றார். மறுநாளிலிருந்து பத்துப் பெண்களை அடுத்த டிவிஷனுக்கு மாற்றச் சொன்னார். அவர்கள் இனி ஒரு மணி நேரம் மேடேறி நடக்க வேண்டும். அறிக்கை தப்பாக இருக்கும் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை, காரணம் அதைப் போட்டவன் நான்.

கூட்டம் முடிந்ததும் நேராக என் மேஜைக்கு வந்தான்.

"எங்க சறுக்கிச்சுன்னு தெரியலப்பா. நீ கொஞ்சம் பாத்துச் சொல்லேன். அந்தப் பொம்பளைங்க மூஞ்சியப் பாக்க முடியல."

திட்டியிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் வாயையே பார்த்தான்.

"டிப்பிங் ஆளுங்களையும் கொழுந்துல ஏத்திட்டேன்" என்றேன்.

"கட்டத்துல நான்தான் தப்பா போட்டனா?"

"ஆமா. ஆனா ஓரத்துல நீ எழுதினத நான் பாத்தேன்."

வருகைத் தாளை எடுத்து ஓரத்தில் இருந்த தன் பென்சில் எழுத்தைப் பார்த்தான். பிறகு, "இன்னாத்துக்குப்பா?" என்று மெல்லக் கேட்டான். நான் கணக்கைத் திருத்தத் தொடங்கினேன். சொல்லாமலே அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

திருத்திய அறிக்கையை எடுத்துக்கொண்டு இருவரும் மேனேஜரிடம் போனோம். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே, கட்டத்தைத் தான் தப்பாக நிரப்பிவிட்டதாகச் சொன்னான். மேனேஜர் இரண்டு வார்த்தை கடிந்துவிட்டு, பெண்களை மாற்றச் சொன்ன உத்தரவைத் திரும்பப் பெற்றார். கிளம்பும்போது அவனைப் பார்த்து, தப்பை ஒத்துக்கொள்கிற ஆள் அபூர்வம் என்றார்.

அதைக் கேட்டபோதும் எனக்கு நெஞ்சு எரிந்தது. என்னைக் காப்பாற்றியதிலும் அவனுக்கே நல்ல பெயர்.

அதன்பிறகு மதியச் சாப்பாட்டுக்கு அவன் என் அறைக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். வருகைத் தாளை வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினான். வேலைக் கட்டம் ஒவ்வொன்றும் சிவப்பு மையில், தெளிவாக, குண்டு குண்டான எழுத்தில் நிரம்பியிருந்தது.