வெயிலைக் கூப்பிட்ட பாட்டு

நார்வேயின் வடகோடியில் நான் இருக்கும் ஊரில், குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் தலைகாட்டாது. அது திரும்பி வரும் வாரத்தில், பஸ் நிறுத்தத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, முகத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வரிசையாக நிற்பார்கள். வந்த புதிதில் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து, பூட்ஸைக் கழற்ற வேண்டுமோ என்றுகூட யோசித்தேன். பக்கத்து வீட்டு இங்கெர் வானத்தைக் காட்டி "சூல், சூல்" என்றாள். சூரியனாம். பதினோரு வருஷத்தில் நானும் அப்படி நிற்கப் பழகிவிட்டேன். அந்தப் புத்தியோடு ஊருக்குப் போய் ஒரு பள்ளிக்கூடத்தையே சிரிக்க வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

தூத்துக்குடியில் மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் செல்வராணி தலைமையாசிரியை. என்னோடு படித்தவள். அவள் பள்ளியில் காலை வழிபாட்டுக்கு மதத்துக்கு ஒன்றாக மூன்று பாட்டுகள், நாளுக்கு ஒன்று என்று முறை போட்டு வைத்திருந்தார்கள். யாருக்கும் குறை வைக்காத ஏற்பாடுதான். ஆனால் எந்த நாளிலும் ஒரு பகுதிப் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. எனக்கு அந்த மௌனம் தெரியும். நான் படித்த பள்ளியில், எங்கள் வீட்டில் இல்லாத சாமியின் பாட்டுக்கு எட்டு வருஷம் உதட்டை மட்டும் அசைத்தவள் நான். அதனால்தான் அவள், "ஏளா, எல்லாரும் பாடுத மாதிரி ஒரு பாட்டு எழுதித் தாயேன்" என்றதும் ஆகஸ்டில் லீவு போட்டுப் புறப்பட்டேன். இந்தப் பாட்டு எடுபடாவிட்டால் பழைய முறைக்கே திரும்பிவிடுவதாக அவள் ஆசிரியர்களிடம் சொல்லியிருந்தாள்.

எழுத உட்கார்ந்தபோதுதான் கஷ்டம் புரிந்தது. திருவடி என்றால் ஒரு வீட்டு வாசம், கர்த்தர் என்றால் இன்னொரு வீட்டு வாசம். இறைவா என்ற சொல் மட்டும் எல்லார் வீட்டுக்கும் பொது. துறைமுக வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள், ஆகவே கடின வார்த்தை ஆகாது. ஆறு வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் ஒரு வரியை முடிக்க வேண்டும். சுருதிப்பெட்டி கிடையாது, முதலில் எடுக்கிற பிள்ளை எந்த உயரத்தில் எடுக்குமோ. ஆகவே மெட்டு மேலே ஏறவும் கூடாது, கீழே இறங்கவும் கூடாது. எட்டுச் சரணம் எழுதினேன். நான்கு வரியாகக் குறைத்தாள் செல்வராணி. அவளிடம் சண்டை போட்டுக் காப்பாற்றியது ஒரே ஒரு வரி: 'கதிரே வருவாய், ஒளி தருவாய்.'

"இது சூரியனெக் கும்பிடுத மாதிரி இருக்குளா" என்றாள்.

"வெளிச்சம் எல்லாருக்கும் பொதுதானே" என்று நான் விடவில்லை. அந்த வரிமேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

திங்கட்கிழமை, ஒன்பதேகால் மணி. மணல் மைதானத்தில் முந்நூறு பிள்ளைகள். கையைக் கூப்புவதோ கட்டுவதோ அவரவர் விருப்பம் என்று சொல்லியிருந்தோம். எட்டாம் வகுப்பு ரஹ்மத், பள்ளியிலேயே நல்ல குரல்காரி, பாட்டை எடுத்தாள். 'இறைவா உன்னைப் பாடுகிறோம், ஒன்றாய் நின்று பாடுகிறோம்.' முந்நூறு வாயும் அசைந்தன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்றாவது வரியில், 'கதிரே வருவாய்' என்ற இடத்தில், ரஹ்மத் நின்றாள். பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பி, பாட்டு அங்கேயே கலைந்து போனது.

செல்வராணி என்னைப் பார்த்த பார்வையில் 'சொன்னேன்லா' என்று இருந்தது. உறுதிமொழி முடிந்ததும் ரஹ்மத்தைக் கூப்பிட்டோம். வீட்டில் யாராவது பாடக் கூடாதென்று சொன்னார்களா என்று மெதுவாகக் கேட்டேன். எனக்கு உள்ளுக்குள் கோபம், அதைவிட அதிகமாகப் பயம்.

"வீட்ல ஒண்ணும் சொல்லல மிஸ்" என்றாள் அவள். "கால் சுடுது. இப்பவே இம்புட்டு வெயில் அடிக்கி. இன்னும் வா வான்னு அதெக் கூப்பிட்டா சிரிப்பாணி வராதா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பிறந்து வளர்ந்த ஊரின் வெயிலை மறந்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

"சரி, வேற என்ன கேக்கலாம்?" என்றேன்.

அவள் மைதானத்து ஓரத்து வேப்பமரத்தைப் பார்த்தாள். பாட்டு முடிந்ததும் எல்லா வகுப்பும் முதலில் ஓடுவது அங்கேதான். "நெழல் கேக்கலாம் மிஸ்."

சாக்பீஸை எடுத்தேன். 'நிழலாய் இருப்பாய் எங்களுக்கு, நிழலாய் இருப்போம் எல்லார்க்கும்.' மறுநாள் ஒரு வாய்கூட மூடியிருக்கவில்லை. பள்ளி வழிபாட்டில் முதல் முறையாக, நானும் வாய்விட்டுப் பாடினேன்.

திரும்பி வந்து, இரண்டு மாத இருட்டும் முடிந்து, இன்று நண்பகலில் பஸ் நிறுத்தத்துச் சுவரில் இங்கெர் பக்கத்தில் நின்றேன். என்னையறியாமல் பாடியிருக்கிறேன். சூரியனை வாழ்த்துகிறாயா என்று கேட்டாள். இல்லை, நிழல் கேட்கிறோம் என்றேன்.

"நிழலா? இரண்டு மாசமாய் அதிலேதானே கிடந்தோம்?" என்று அவள் கண்ணைத் திறந்து என்னை விநோதமாகப் பார்த்தாள்.

விளக்கிச் சொல்ல, பதினோரு வருஷம் பேசிப் பழகிய அவள் மொழியும் எனக்குப் போதவில்லை. முகத்தை வெயிலுக்குத் தூக்கி வைத்துக்கொண்டே, மீதி வரியையும் நிழல் கேட்டுப் பாடி முடித்தேன்.