நன்றி மேடம்

எங்கள் தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் என் பக்கத்து மேசைக்காரிக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. வயதிலும் சர்வீஸிலும் என்னைவிடச் சின்னவள். அதே வேலைக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன். நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. இது அவளுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வாட்ஸப்பில் சொன்னாள். பொறாமை துளியும் தெரியக்கூடாது என்று வெகுநேரம் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், "தங்களுக்கு என் மனமார்ந்த நல்வாழ்த்துகள்" என்று அனுப்பினேன். தினமும் நான் வாடி போடி என்று கூப்பிடுகிறவளுக்குத் 'தங்களுக்கு'!

"நன்றி மேடம்" என்று பதில் வந்தது. அதுவரை நான் அவளுக்கு அக்காதான்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அதைச் சரிசெய்யப் போனேன். "சூப்பர்டீ! செம லக்கு உனக்கு!" என்று கத்தினேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"லக்கா? மூணு ரவுண்டு இன்டர்வியூ வச்சாங்கக்கா."

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "அங்க ஓவர்டைம் ரொம்ப வாங்குவாங்களாம். பாத்துக்கோ" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கறையோடுதான் சொன்னேன் என்று ஒரகடத்தில் கம்பெனி வாசலில் இறங்கும் வரை எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

சாப்பாட்டு வேளையில் கேன்டீனில் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "சம்பளம் எவ்ளோ?" என்றார் ஒருவர். "செட்டில் ஆனதும் என்னையும் இஸ்துக்கோ" என்றார் இன்னொருவர். அவள் சிரித்துச் சிரித்துச் சமாளித்தாள். வாழ்த்திய அத்தனை பேரும் எங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டீ நேரத்தில் அவள் தனியாக நின்றிருந்தாள். பக்கத்தில் போனேன்.

"அன்னிக்கு ரப்பர் சீல்ல முடி மாதிரி வெடிப்பு இருக்குன்னு மொத்த லாட்டையும் நிறுத்தி வச்சியே. சூப்பர்வைசர் அந்தக் கத்து கத்தியும் நீ கையெழுத்து போடல. உன்ன எடுத்தவங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் கீது. எனக்கு சந்தோஷம்டி."



"இன்டர்வியூல அந்தக் கதையத்தான்க்கா சொன்னேன்" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "பயமா கீதுக்கா. அங்க ஒருத்தரையும் தெரியாது."

"மொத வாரம் தெனமும் போன் பண்ணு. நான் கீறேன்."

"நீயும் அப்ளை பண்ணியிருக்கலாம்க்கா. உனக்கு கண்ண மூடிக்கினு குடுத்திருப்பாங்க."

மனசாரத்தான் சொன்னாள். "பாக்கலாம்டி" என்று மட்டும் சொன்னேன்.

மாலையில் படப்பையில் இறங்கியதும் பஜ்ஜிக் கடைக்கு இழுத்துப் போனாள். முதல் நாளைக்குச் சுடிதாரா, புடவையா என்பதே அவளுடைய பெரிய கவலை. நீலச் சுடிதார் என்று முடிவு செய்தோம். பொறாமை ஒன்றும் போய்விடவில்லை. அதற்கும் சேர்த்து இரண்டு வாழைக்காய் பஜ்ஜி கூடுதலாகச் சாப்பிட்டேன்.